ஐந்தாம் நாள் திறக்க வேண்டிய பெட்டி

சார், நான் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் இடுப்பில் கத்தி செருகினது மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷம் முதலமடையில் மாங்காய்ப் பெட்டி தூக்கின இடுப்பு. நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குப் படிக்கத் தெரியும். பெயர் மோகனசுந்தரம், வயது நாற்பத்தொன்று. யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. நானே பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடுப்பில்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து விழுந்து நாற்பது நாள் படுத்த படுக்கையாக இருந்தேன். ஆள் இல்லாத வீடு. கைப்பேசியில் தாயக்கட்டை மாதிரி ஒரு விளையாட்டு. முகம் தெரியாத நாலு பேரோடு ஆடலாம், பேசவும் செய்யலாம். அதில்தான் ரோஸ் வந்தாள். இடுப்பு வலி என்றதும், அவள் ஏலக்காட்டில் களை எடுக்கிறவள், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும், எந்தப் பக்கம் கையை ஊன்றி எழ வேண்டும் என்று குரலில் சொல்லி அனுப்பினாள். நாற்பது நாளும் சொன்னாள். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை.

என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் எச்சரிக்கையான பெண். பேச்சை டெலிகிராமுக்கு மாற்றியபோதும் போன் நம்பரை மறைத்தே வைத்திருந்தாள். படம் அனுப்பியதில்லை. ஊர் கேட்டால், “மலைதாம்ணே, மழ பெய்ற மல” என்று சிரிப்பாள். புருஷன் அடித்து ஓடி வந்தவள் என்பது ஆறாம் மாதம்தான் தெரிந்தது. அவன் மூணாறு பக்கம் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான் என்றும், ஜீப்பின் நெற்றிக் கண்ணாடியில் ‘கார்மேல்’ என்று எழுதியிருப்பான் என்றும் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இத மறந்துருங்கண்ணே” என்றாள்.

மறக்கவில்லை. தேடினேன். ஃபேஸ்புக்கில் கார்மேல் ஜீப் கிடைத்தது. அதன் கீழே ஜின்சன் என்பவன் ஒரு படம் போட்டிருந்தான். ‘என் மனைவி எப்சிபாவைக் காணவில்லை, பார்த்தவர்கள் தயவுசெய்து அழைக்கவும்’ என்று நம்பரோடு. அப்படித்தான் அவள் எனக்குத் தராத முகத்தையும், தராத பெயரையும் நான் எடுத்துக்கொண்டேன். பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

இந்த ஏப்ரலில் நல்ல காய்ப்பு. மலையில் கிடைக்கிற மாம்பழம் நாரும் புளிப்பும்தான் என்று அவள் சொன்னதை வைத்து, ஒரு பெட்டி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மூன்று வாரம் கேட்டேன். கூரியர் என்றால் பெயர், முகவரி, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் ஒட்டுத்தாளில் வரும். அந்தத் தாள் பத்துக் கை மாறும். அவளுக்கு அது தெரியும். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

“என் பேரு வேண்டாம்ணே. டவுன்ல சின்னத்தாய் அக்கா கடைக்கு அனுப்புங்க. அவுங்க பேரு, அவுங்க நம்பரு. ஓடிபியும் அவுங்களுக்கே வரும். நா போயி வாங்கிக்கிருவேன். ஒங்க வீட்டு அட்ரஸும் போடாதிய, வேல பாக்குற எடத்தப் போடுங்க. ஒங்களுக்கும் அதான் நல்லது.”

என் பத்திரத்தையும் சேர்த்து யோசித்தவள் சார் அவள்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பம்பாய்க்குப் போகிற லோடில், ஏதாவது ஒரு பெட்டிக்குள் காசு அகலத்தில் ஒரு வில்லையை முதலாளி வைக்கச் சொல்வார். அதற்குத் தனியாக சிம் கிடையாது. பக்கத்தில் போகிற வருகிற கைப்பேசிகளெல்லாம் அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் அதன் இடத்தைச் சொல்லும். லாரி எந்த தாபாவில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று முதலமடையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கே வேலை பார்க்கிறவர்களில் வில்லைகளைப் பெட்டிக்குள் வைப்பது என் வேலை. எது அனுப்பினாலும் அது சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கைப்பழக்கம்.

பொள்ளாச்சியில் என் காசில் ஒரு வில்லை வாங்கினேன். பெட்டியின் அடி அட்டை இரண்டு மடிப்பு. அந்த மடிப்புக்கு நடுவே வைத்துப் பசை போட்டேன். மேலே வைக்கோல், அதற்கு மேல் விளைந்த இமாம்பசந்த் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி. கூட வேலை பார்க்கிற சென்னிமலை பார்த்துவிட்டு, “ஏனுங்க மோகனு, புள்ளயக் கட்டிக் குடுக்கறாப்ல கட்டறீங்க. நீங்களும் உள்ளார ஏறிப் படுத்துக்கறது” என்றான். நானும் சிரித்தேன்.

பழம் பத்திரமாகச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு கூரியர் ரசீது நம்பரே போதும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இரண்டாம் நாள் மத்தியானம் பெட்டி கடைக்குப் போனது. சாயங்காலம் கடையை விட்டு நகர்ந்தது. ஏழு கிலோமீட்டர். எஸ்டேட் லயத்தில் போய் நின்றது. பன்னிரண்டு வீடு ஒரே வரிசை, எல்லா வீட்டிலும் கைப்பேசி. புள்ளி அசையாமல் நின்றது.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் கைப்பேசித் திரையின் படம். தெரியாத கருவி ஒன்று உங்களோடு நகர்ந்து வருகிறது என்ற எச்சரிக்கை. இந்த வில்லைகள் சொந்தக்காரனை விட்டு விலகி வேறு ஒருவரோடு போனால் அப்படித்தான் சொல்லும். எந்த வழியாக வந்தது என்று வரைபடமும் காட்டும். வரைபடத்தை வெட்டிவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருந்தாள். அவ்வளவு சூதானம்.

“அண்ணே, இது என்னது? ஒலி எழுப்பிப் பாக்கவானு கேக்குது. பெட்டியப் பிரிச்சுத் தேடட்டுமா?”

அவள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள் சார். ஒரு தடவை அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் வில்லை கத்தியிருக்கும். எங்கள் லாரி டிரைவர்களுக்கும் இதே எச்சரிக்கை வரும், இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்கிற பதில் என் வாயில் தயாராக இருந்தது.

“அதொண்ணுமில்லீங்க. கூரியர்காரங்க வெக்கறது. பெட்டிய மட்டும் பிரிச்சுராதீங்க. அஞ்சாம் நாளுக்கு முந்திக் காத்துப் பட்டா பழம் வெம்பிப் போகும்.”

ஐந்தாம் நாள் கணக்கு பொய்யில்லை. வைக்கோலின் சூடு கலைந்தால் பழம் ஒருசேரப் பழுக்காது. முதலமடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மையான ஒன்றைப் பொய்க்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். சரிண்ணே என்று எழுதினாள். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டாள்.

ஐந்தாம் நாள் நான் அங்கே இருந்தேன். பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று மூன்று பஸ் மாறினேன். பேச வேண்டும் என்று போகவில்லை. பழத்தைத் தின்னும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. லயத்துக்கு எதிர் மேட்டில் தேயிலைச் செடிக்கு நடுவே நின்றேன். வாசலில் உட்கார்ந்து பழம் அறுத்தாள். பக்கத்தில் ஓர் ஆள். ஒரு துண்டை அவள் தன் கையாலேயே அவன் வாயில் வைத்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தலையை அண்ணாந்து சிரித்தாள். இரண்டு வருஷம் காதில் கேட்ட சிரிப்பு அது.

நான் தூக்கி, நான் சுற்றி, நான் அனுப்பிய பழம்.

அந்த ஆள் அவளுடைய சொந்தத் தம்பி ஆசீர்வாதம் என்று சற்றுமுன் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளை அங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்ததே அவன்தான் என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதும் நினைத்தேன், இப்போது அதை நம்பவில்லை.

திரும்புகிற பஸ்ஸில், புதிதாக ஒரு கணக்குத் திறந்து, ஜின்சன் போட்டிருந்த நம்பருக்கு வரைபடத்தின் படத்தை அனுப்பினேன். புள்ளியோடு. ‘நீங்கள் தேடுகிறவர் இங்கே இருக்கிறார்’ என்று ஒரே வரி. காணவில்லை என்று ஒருவன் அறிவிப்புப் போட்டிருக்கிறான், பார்த்தவன் சொல்கிறேன், இதில் சட்டப்படி என்ன குற்றம் என்று எனக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அவன் அடிப்பான் என்பதை அவள் குரலிலேயே கேட்டவன் நான். தாடையில் தையல் போட்ட கதையைக் கேட்டவன். கதவைத் தட்டிச் சமாதானம் பேசிக் கூட்டிப் போவான் என்று நினைத்தேன் என்று சொன்னால் அதை எழுதாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் கொஞ்சம் அழட்டும் என்று நினைத்தேன். அழுதால் எனக்குத்தான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரத்தில் அவன் வந்தான். காட்டுக் கத்தியோடு. மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. பழைய தையலின் மேலேயே தாடையில் வெட்டு. இனிமேல் தெளிவாகப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதாக வாசித்துக் காட்டினீர்கள். எனக்குத் திரும்பிப் படுக்கச் சொல்லிக்கொடுத்த வாய்.

ஜின்சன் உள்ளே இருக்கிறான். யாரோ ஒருவன் படம் அனுப்பினான் என்று அவன் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நம்புங்கள். வில்லை இன்னமும் அந்தப் பெட்டியின் அடி அட்டையில்தான் இருக்கிறது. பாட்டரி ஒரு வருஷம் தாங்கும். இதோ பாருங்கள், என் கைப்பேசியில் இப்போதும் அந்த வீட்டைக் காட்டுகிறது. எடுத்து, அதன் எண்ணைப் பாருங்கள். என் கணக்குக்குத்தான் வந்து நிற்கும்.

ஒன்றரை மாதம் பேசாமல் இருந்துவிட்டு இன்று ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எழுதினாள். இடது கையால் தட்டியது, எழுத்து இடையிடையே விட்டுப்போயிருந்தது. வாசிக்கிறேன்.

“அண்ணே, டவுன்ல யாரோ பாத்துச் சொல்லிட்டாங்க. சின்னத்தாய் அக்காவ எல்லாரும் சந்தேகப்படுறாங்க. கடைய அடச்சிட்டாங்க. எனக்கு யாருமேலயும் நம்பிக்க இல்ல. என் வீடு தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதான், அதான் ஒங்கட்ட மட்டும் கேக்குறேன். அன்னிக்கு பெட்டியில இருந்தது நெசமாவே கூரியர்காரங்க வச்சதுதானா?”

நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். செய்தியைப் படித்துவிட்டால் டெலிகிராமில் இரண்டு கோடு அடையாளம் விழும். பதில் எழுத விரலை வைத்தேன், எடுத்தேன். மூன்று பஸ் மாறி உங்களிடம் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது சார். நீங்கள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். போடுகிறேன். ஆனால் இதனால் எதுவும் தீர்ந்துவிட்டதாக எழுதாதீர்கள். அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். ‘இல்லை, அதை வைத்தது நான்’ என்ற பதில். அதை இன்னும் கொடுக்கவில்லை.