நாய் என்று ஒரு பொத்தான்

முட்டி வலி இருப்பவனுக்கு ராக்காவல் ஆகாது. அதனால்தான் அந்த ரோந்து இயந்திரம் வந்தபோது சந்தோஷப்பட்டேன், ஐயா. நான் நடக்க வேண்டிய நடையை நாலு சக்கரத்தில் அதுவே நடந்தது.

ஆரம்பத்தில் தெருநாய்க்கெல்லாம் சைரன் அடித்தது. அதன் கேமரா பார்ப்பது உடம்புச் சூட்டை மட்டும்தான், முகம் தெரியாது. சூடான உருவத்தைச் சுற்றி ஒரு பெட்டி போடும். உயரமா அகலமா, கால் எப்படி அசைகிறது என்று பார்த்து நூற்றுக்கு இவ்வளவு நாய், இவ்வளவு ஆள் என்று மார்க் போடும். தொண்ணூறுக்குக் குறைந்தால் படத்தை என் டேப்லெட்டுக்கு அனுப்பிக் கேட்கும். நாய், ஆள் என்று இரண்டு பொத்தான்; நான் அழுத்துவதுதான் அதற்குப் பாடம். வாராவாரம் அந்தப் படங்களை வைத்து எங்கள் தொழிற்சாலை வளாகத்துக்கென்றே அதைத் திருத்துவார்கள்.

"இப்பல்லாம் நாய்க்குக் கத்துறதே இல்லண்ணே. நல்லாப் பழக்கிட்டீங்க" என்றார் இன்ஜினியர். ஆள் என்று அழுத்திய படங்களை மட்டுமே அவர் திறந்து பார்ப்பார். நாய்ப் படங்களை எவன் பார்ப்பான்?

என் மனைவியின் தம்பி வேலிக்கடியில் தவழ்ந்து வருவான், தாமிரக் கம்பிக்காக. ஒவ்வொரு தடவையும் நாய் என்றே அழுத்தினேன்.

"என்னை நாயாக்கிட்டீங்களே மாமா. அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லு. அவளுக்கு முன்னாடியே தெரியும்."

கொஞ்ச நாளில் தவழ்கிற மனுசனுக்கு அது சைரன் அடிப்பதை விட்டுவிட்டது. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் கம்பிக் கொட்டகைக்குள் இருந்தான். அப்போது பின்வாசல் பக்கமிருந்து ஒரு படம் வந்தது. நாய், எண்பத்து நாலு. நீளமான உருவம், ஒரு கால் இழுபட்டது. கையைத் தூக்கி இயந்திரத்தை நோக்கி ஆட்டியது.

பின்வாசல் காவல்காரன். பல்பு மாற்ற ஏணியில் ஏறுவதாகச் சொல்லியிருந்தான். கத்தியிருப்பான், கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் என்று அழுத்தினால் சைரன் அடிக்கும், கொட்டகைக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும், மச்சினன் உள்ளே மாட்டுவான். பழைய படங்களையும் கிளறுவார்கள். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

நாய் என்று அழுத்தினேன். இயந்திரம் திரும்பிப் போய்விட்டது.

மச்சினன் கிளம்பியதும் போய்ப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அவன் இரண்டு நடை எடுத்தான். முட்டியும் விடவில்லை. விடியப்போகையில் இயந்திரம் மறுபடி பின்வாசல் பக்கம் போனது. இந்தத் தடவை பெட்டியே போடவில்லை. அசைவு இல்லை, பகல் வெயிலைக் குடித்த சிமெண்டுத் தரைக்கும் அதில் கிடந்தவனுக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றாகியிருந்தது.

அதன்மேல் தப்பில்லை, ஐயா. சொல்லிக்கொடுத்ததைச் செய்தது.

அந்தப் பின்வாசல்காரனுக்கும் எனக்கும் பகை எதுவும் கிடையாது. என் மகள் பிறந்த அன்று என் வாசலையும் சேர்த்து அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் யார் கடனையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அவனுக்கு ஒரு ராத்திரி டியூட்டி மட்டும் பாக்கி.