நிழற்குடைக்குள் ஒரு குடை

பெயர்: கார்குழலி, வயது 47, கணவர் பெயர் பக்கிரி, மாரியம்மன் கோயில் தெரு, காலாப்பட்டு, புதுச்சேரி.

நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில் பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நேற்று முன்தினம் மாலை ஆறு மணி அளவில் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அப்போது பலத்த மழை பெய்தது. நிழற்குடையின் கூரைத் தகடு பெயர்ந்து தண்ணீர் உள்ளேயே கொட்டியதால் என் பச்சைக் குடையை விரித்தபடி நின்றேன்.

அதன் பிறகு முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்தார். நான் தனியாக நின்றதால் அவர் மறு ஓரத்துக்குப் போய், ஒழுகும் இடத்திலேயே நின்றார். கையில் இருந்த பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

நான், "தம்பி, அங்க ரொம்ப ஒழுகுது. குடைக்குள்ள வாங்க, எடம் இருக்குது" என்று கூப்பிட்டேன். அவர் "பரவால்லக்கா" என்றார். பையில் என்ன என்று கேட்டதற்கு, ரிப்பேர் பார்த்த மிக்ஸி என்றார். "அப்ப மிக்ஸிக்காவது வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் உயரமானவர் என்பதால் குடையை அவரிடம் கொடுத்தேன். என் பையையும் அவர் பையையும் எங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டோம். நான் நின்ற சாலைப் பக்கமிருந்து சாரல் அடித்ததால் குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தார். என் பக்கமே அதிகம் சாய்த்ததால் அவருடைய வெளித்தோள் நனைந்தது. நான் இரண்டு முறை குடையை நகர்த்திவிட்டும் அவர் அப்படியே பிடித்தார். மழையைப் பற்றியும், அவர் மகளின் காய்ச்சலைப் பற்றியும் பேசினோம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழு மணி வாக்கில் என் பஸ் வந்தது. படிக்கட்டு வரை குடை பிடித்து வந்தவர், நான் ஏறிய பிறகு குடையை மடக்கிக் கொடுத்துவிட்டு மழையில் திரும்பி ஓடினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, சுடர்விழி என்ற பெண் அதே நிழற்குடையில் நின்று, வருகிறவர்களை எல்லாம், "நேத்து மழையில பச்சக் குடையோட நின்ன அக்கா நீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் என்றதும், தன் கணவர் சிலம்பரசனை, முழுக்க நனைந்து ஓடி வந்ததைப் பார்த்து, செயின் பறித்தவர் என்று போலீசார் அழைத்துப் போனதாகச் சொன்னார். பறிப்பு நடந்தது ஆறரை மணிக்கு என்றும் சொன்னார். அந்த நேரத்தில் அவர் என் குடைக்குள்தான் நின்றார். இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக விசாரித்தார். மிக்ஸி, மகளின் காய்ச்சல், குடை என நான் சொன்னதும் சிலம்பரசன் ஏற்கெனவே சொல்லியிருந்ததும் ஒத்துப்போவதாகத் தெரிவித்தார். அதன் பிறகு சிலம்பரசனைக் காட்டினார்கள். நிழற்குடையில் நின்றவர் அவர்தான் என்று அடையாளம் சொன்னேன். அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் சொன்னதும் சுடர்விழி சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிலம்பரசன் என்னைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு நனையாம ஊட்டுக்குப் போய்ட்டீங்களா?" என்று கேட்டார். "நா நனையலப்பா" என்று சொன்னேன்.

யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) ப. கார்குழலி