கட்டிலுக்குக் கீழே ஐந்து கான்

பிள்ளைகளே, நான் மதிலில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். எண்பத்து மூன்று, ஜூலை இருபத்தைந்து, திங்கட்கிழமை. கொழும்பு, கொட்டாஞ்சேனை. தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல் வருகிறது. அம்மாவும் அக்காவும் மறுபக்கம் இறங்கிவிட்டார்கள். பின்வீட்டு முஸ்லிம் அம்மா கத்துகிறார்.

"குதிங்க தம்பி! அந்தா வந்துட்டானுகள்!"

தெருவில் கண்ணாடி உடைகிறது. ஒரு கதவு இரண்டே அடியில் விழுகிறது. குதித்தேன்.

அதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடுத்த வீட்டில் செல்வம் அண்ணை. தச்சர், தனியாள். முறிந்த காலில் பிளாஸ்டர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"அதை விட்டுட்டு அண்ணையைத் தூக்கடா!" அக்கா கத்தினாள்.

நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். ஐந்து கான் மண்ணெண்ணெய். சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். களவெடுத்துவிடுவார்கள் என்று பயம். கொளுத்துவார்கள் என்று தோன்றவேயில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பத்து வயது. விடியுமுன் எண்ணெய் வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது கடைக்காரர் கையை விரிப்பார். அன்று அடுப்பு எரியாது. அம்மா ஏசமாட்டார். வெறும் போத்தலைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குள் தங்கிவிட்டது.

பிறகு புறக்கோட்டையில் வேலை. கடைகளில் எண்ணெய் தாராளம். இருந்தும் சம்பளத்தில் மிச்சம் சேர்ந்தால் ஒரு கான் வாங்குவேன். இரண்டு நாள் நெஞ்சு ஆறும். பிறகு அது போதாது போலிருக்கும். வாங்கியதைத் தொடவும் விடமாட்டேன். இரண்டாவது விளக்கு ஏற்றினால் சண்டை. அக்கா செருப்புக் கேட்டால் காசில்லை.

"முதலாளி எப்ப கடை திறக்கிறார்?" என்று அவள் சிரிப்பாள்.

பின்வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருக்கிறோம். வந்தவர்கள் கையில் கம்பும் கத்தியும்தான், எண்ணெய் இல்லை. மாடி யன்னலால் பார்த்த அந்த முஸ்லிம் அம்மா பிறகு சொன்னார். என் வீட்டில் பானைகள் உருள்கின்றன. கட்டில் இழுபடுகிறது. சிங்களத்தில் ஒரு சந்தோஷக் கூச்சல்.

"மென்ன பூமிதெல்!"

இந்தா மண்ணெண்ணெய்.

குபீரென்று ஒரு சத்தம். ஓடு வெடிக்கிறது. அதற்குள்ளிருந்து செல்வம் அண்ணையின் குரல்.

"தம்பி! தம்பி!"

மூன்று முறை. நான் எழும்பினேன். அக்கா என் காலைக் கட்டிப்பிடித்தாள். நான்காவது முறை கேட்கவில்லை.

எரிந்தவை ஏழு வீடுகள். அண்ணையின் உளிப் பெட்டி. அம்மாவின் இரண்டு சேலை. என் ஆறு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம். செத்தவர் ஒருவர். செல்வம் அண்ணை, வயது முப்பத்தெட்டு.

அகதி முகாம் ஒரு பள்ளிக்கூடம். மூன்று வேளையும் சோற்றுப் பார்சல் தந்தார்கள். முதல் நாளே பாதியைச் சுற்றி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் ஒளித்தேன். நாளைக்கும் தருவார்கள் என்று தெரியும். ஒளித்தேன். மூன்றாம் நாள் அம்மாவும் அக்காவும் தண்ணீருக்குப் போனார்கள். லாச்சியைத் திறந்தேன். நாறியது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அதை முழுவதும் தின்றேன்.