என் வீட்டுப் பலகை

துளசிராமன் கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி, ஐயா. பொன்னேரிப் பக்கம் அப்படி ஒரு கிணறு அமைவது அபூர்வம். அறுபத்தெட்டில் ஏரி வற்றி என் பயிர் காய்ந்தபோது, நான் கேட்காமலே தன் பம்புசெட்டிலிருந்து என் கழனிக்கு வாய்க்கால் வெட்டிவிட்டான். சிறு வயதுச் சிநேகிதன். பதிலுக்கு ஒரு பிடி நெல்கூட வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

"மோட்டார நீயே போட்டுடு மணவாளா, உனக்குந்தான பாயுது" என்றான். கரண்ட் எந்த நேரம் வந்தாலும் ஓட வேண்டியவன் நான் ஆனேன். இரண்டு கழனியிலும் ஒரே பயிர் இருக்கட்டும் என்று ஐ.ஆர். எட்டு நெல் நடச் சொன்னான். அதன் வைக்கோல் குட்டை. என் மாடுகள் இளைத்துப்போயின. அந்த மாடுகளும் அவன் கழனியை உழுத பிறகுதான் என் கழனிக்கு வரும். யாராவது என் பயிரை மெச்சினால், "எல்லாம் நம்ம தண்ணிதான்" என்று என் தோளில் கை போடுவான். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

போன மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி ஷாக் அடித்தது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ரிப்பேர் செய்து கொடுப்பான், அதுவும் ஓர் உதவியாகிவிடும். அங்கே தரை எப்போதும் ஈரம். வீட்டிலிருந்து ஒரு பலகை கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் நின்று, காய்ந்த குச்சியால் பட்டனை அமுக்கிவந்தேன்.

இந்தத் தை அறுப்பு முடிந்ததும் புது அரிசியோடு அவன் வீட்டுக்குப் போனேன். தன்மையாகத்தான் பேசினேன். "உன் தண்ணி இல்லன்னா என் புள்ளைங்க பட்டினி, துளசி. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா தண்ணியோட வேற சிலதும் வந்துச்சுப்பா. மோட்டார் வேல, நீ சொல்ற நெல்லு, உன் கழனிக்கு ஏரு. அதெல்லாம் இனிமே வாணாம். தண்ணிக்கு இன்னா கேக்கறியோ குடுத்துடறேன்."

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"இத்த சொல்றதுக்கு இத்தினி வருசமா நைனா? உன்ன சொந்தமா நெனச்சிக்கினு சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல. நாளைலேர்ந்து மோட்டார நானே போட்டுக்கறேன். நீ வழக்கம்போல பாச்சிக்கோ, ஒண்ணும் தர வாணாம்."

அதற்கும் நான்தான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் பம்புசெட்டுக்குள் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டேன். குச்சியையும்தான். அவன் வீடு கூப்பிடு தூரம். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

மறுநாள் கரண்ட் வந்ததும், அவன் வெறுங்காலோடு உள்ளே போவதை என் வரப்பிலிருந்து பார்த்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியது. அவன் வெளியே வரவில்லை. தண்ணீர் வந்தது. மடையைத் திறந்து, நாற்றங்கால் முழுக்க நனைந்த பிறகு ஊராரைக் கூப்பிட்டேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பலகை என் வீட்டுப் பலகை, ஐயா. அவனுடையது எதையும் நான் எடுக்கவில்லை.