துக்கம் கேட்க வந்த மதினி

— இன்னொரு வாட்டி சொல்லுங்க மதினி. என்னைய எங்க அம்மான்னு நெனச்சுக்கங்க.

— உங்கள் இழப்புக்காக நான் மிகவும் வருந்துகிறேன்.

— வெளங்கிரும்! எங்கம்மா உடனே, “என்னத்த இழந்துட்டோம், மாடு கன்னு காணாமப் போச்சா?”ன்னு கேக்கும். இரங்கல் கூட்டத்துல மைக்கைப் புடிச்சுப் பேசுற மாதிரியில்ல இருக்கு!

— அழகி, ஆங்கிலத்தில் இதைத்தான் சொல்வோம். நான் அப்படியே தமிழில் மாற்றினேன்.

— அப்படியே மாத்துனீக பாருங்க, அதான் வினை. செத்தது எங்க தாத்தா. கூட இருந்து பாத்தது எங்கம்மா. நடுவுல, “நான் வருந்துகிறேன்”னு நீங்க எதுக்கு வந்து நிக்கிறீக?

— சரி, வேறொன்று. “ஏதாவது உதவி தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.”

— வேணாம் மதினி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! இங்க “வேணும்னாக் கூப்பிடுங்க”ன்னா, “வர மாட்டேன்”னு அர்த்தம். கேட்டுக்கிட்டா ஒருத்தர் உதவுவாக? தண்ணிக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துருவாக.

— எங்கள் ஊரில் அது பெரிய மரியாதை. அழுகிற ஆளை நாம் உற்றுப் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்ள இடம் விடவேண்டும். ஆனால், கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன் என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த வாக்கியம்.

— நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க கதவைச் சாத்தினா, “உள்ள இன்னொன்னு விழுந்துருச்சோ”ன்னு ஊரே கதவை ஒடைக்கும்.

— அப்படியென்றால் நீங்கள் என்னதான் சொல்வீர்கள்?

— சொல்ல மாட்டோம் மதினி. கேப்போம். துக்கம் சொல்லப் போறோம்னா சொல்றோம்? துக்கம் கேக்கப் போறோம்னுதானே சொல்றோம். “என்ன செஞ்சுச்சு? எப்பப் பேச்சு நின்னுச்சு? கடைசியா என்ன சாப்பிட்டாக? யாரைத் தேடுனாக?” அவுக சொல்லுவாக, அழுவாக, அடுத்த ஆளு வரும், மறுபடி மொதல்ல இருந்து சொல்லுவாக. சொல்லச் சொல்லத்தான் பாரம் எறங்கும்.

— ஓ... அதனால்தானா!

— என்ன அதனால?

— என் அப்பா இறந்தபோது உன் அண்ணன் லண்டனில் என் முன்னால் உட்கார்ந்து, “கடைசியாக என்ன சாப்பிட்டார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். போலீஸ் விசாரணை போல இருந்தது. அதோடு, “உன் அப்பா கொடுத்துவைத்தவர், கிடக்காமல் போய்விட்டார்” என்பதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். என் அப்பா செத்தது அதிர்ஷ்டம் என்று என் காதில் விழுந்தது!

— ஐயய்யோ! அப்புறம்?

— பேசுவதை நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு நாள் நானே அவரைத் தேடிப் போய், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதுவரை யாருமே என்னைக் கேட்கவில்லை, அழகி. அன்றுதான் அழுதேன். அன்றுதான் இவரைக் கல்யாணம் செய்யலாம் என்றும் தோன்றியது.

— அடி ஆத்தி! துக்கம் கேட்டே பொண்ணு புடிச்சிருக்கான் எங்கண்ணன்! அதைக் கேட்டா எங்கம்மா...

— உன் அம்மா என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே. கல்யாணமாகி நான் காரைக்குடிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது.

— ஆமா. நிலாவுல ஆளு எறங்கிட்டாக, எங்க வாசப்படியில நீங்க ஏற முடியல. ஆனா இன்னைக்கு முடியும். நல்லதுக்கு அழைச்சாப் போகணும், கெட்டதுக்கு அழைக்காமப் போகணும். பகையாளி வந்தாக்கூட இன்னைக்குத் தடுக்க மாட்டாக. இந்த நாளை விட்டா எங்கம்மா முன்னால நீங்க உக்கார வேற வழியே இல்ல.

— பயமாக இருக்கிறது. நேற்று அங்கே கொட்டு அடித்தார்கள், வெடி போட்டார்கள். துக்கமா, சந்தோஷமா?

— தொண்ணூத்தஞ்சு வயசு. பேரன் பேத்தியெல்லாம் நெய்ப்பந்தம் புடிச்சோம். அது கல்யாணச் சாவு மதினி.

— அப்படியானால் வாழ்த்தலாமா?

— உங்க வாயைத் தைக்கணும்! வாங்க, நேரமாச்சு. திரும்பயில “போயிட்டு வர்றேன்”னு மட்டும் சொல்லிராதீக. எந்திரிச்சுப் பேசாம வந்துரணும். அதென்ன பை, கனமா இருக்கு?

— ஒன்றுமில்லை. வா.

*

— அம்மா, இவுக வந்து...

— தெரியுதுடி. ஊருக்குள்ள இந்த நெறத்துல வேற யாரு இருக்கா? உக்காரச் சொல்லு. எழவு வீட்டுக்கு வந்தவகளைப் போன்னு சொல்ற வழக்கம் நமக்கு இல்ல.

— வணக்கம், அம்மா.

— மதினி, இங்க வணக்கமெல்லாம் வேணாம்! கேளுங்க, கேளுங்க...

— நீ என்னடி கீ குடுக்குற? சொல்லு தாயி. எல்லாரும் சொல்ற மாதிரி, “கல்யாணச் சாவு, குடுத்துவச்ச மனுசன்”னு நீயும் சொல்லிட்டுப் போ.

— இல்லை அம்மா. அவர்... கடைசியாக என்ன சாப்பிட்டார்?

— என்ன கேட்ட?

— கடைசியாக... என்ன சாப்பிட்டார்? நீங்கள்தானே கொடுத்தீர்கள்?

— கஞ்சி. ரெண்டு கரண்டி. மூணாவதுக்கு வாயைத் தொறக்கல. உப்பு பத்தலைன்னாக் கரண்டியைத் தட்டிவிடுற மனுசன்! அன்னைக்கு என் கையைப் புடிச்சு, “போதும் ஆத்தா”ன்னாரு. மருமகளா வந்த நாளா, “ஏ, இந்தா”ன்னுதான் கூப்புடுவாரு. அன்னைக்கு ஆத்தான்னாரு. எங்க மாமா என்னைய ஆத்தான்னாரு தாயி...

— அம்மா, அழாதம்மா...

— கையை எடுடி, அழுதுக்கிறேன். வந்தவுக அம்புட்டுப் பேரும் கொட்டு நல்லாருந்துச்சா, வேட்டு நல்லாருந்துச்சான்னே பேசுறாக. எனக்குப் புள்ளைய வாரிக் குடுத்த மாதிரி இருக்கு. வயசாயிட்டா வலிக்காதா? காலையில எந்திரிச்சதும் கஞ்சிக்குத்தான் கை போகுது.

— பிடித்துக்கொள்ளுங்கள், என் கையை.

— இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு... பயந்துட்டியா? உங்க அப்பாரு இருக்காகளா?

— போன வருஷம் இறந்துவிட்டார்.

— என்ன செஞ்சுச்சு?

— இதயம். கடைசியாக ரொட்டியில் ஆரஞ்சுப் பழ ஜாம் தடவிக் கேட்டார். “இன்னும் தடவு, கஞ்சத்தனம் பண்ணாதே” என்றார். பாதி சாப்பிட்டார். மீதி இருந்த தட்டை நான் ரொம்ப நாள் கழுவவே இல்லை.

— எங்க மாமாவும் அப்படித்தான்! நெய்யைக் கொறச்சா, “உங்கப்பன் வீட்டுக் கரண்டியா?”ம்பாரு. போயி ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து எவகிட்டயோ சண்டை போடுறாகளோ என்னவோ!

— அம்மா, நீ சிரிக்கிற!

— சிரிச்சா என்னடி, பல்லா கொட்டிப்போகும்? இது என்ன, பையில இருந்து எடுக்குற?

— பிளாஸ்க்கில் தேநீர், அம்மா. எங்கள் ஊரில் வாயால் என்ன சொல்வது என்று தெரியாதபோது, தேநீர் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவோம். வேறு எதுவும் பேசமாட்டோம்.

— மதினி! இதைச் சொல்லவே இல்லையே நீங்க! அம்மா, அவுகளுக்குத் தெரியாதும்மா. அடுப்புப் பத்தவைக்காத எழவு வீட்டுக்குச் சோறு தண்ணி சம்பந்தக்காரவுகதான் கொண்டாரணும்னு நம்ம முறை அவுகளுக்கு எப்படித் தெரியும்? நான் எடுத்து உள்ள வச்சிர்றேன்...

— வைடி கீழ. ஊத்து தாயி. ம்... சீனியே போடலை.

— மன்னியுங்கள். நாங்கள் அப்படித்தான்...

— போகப் போகப் பழகிக்கலாம். அடியே அழகி, மசமசன்னு நிக்காம, வெளிய பந்தல்ல இருக்குற உங்கண்ணனைக் கூப்பிடு; சம்பந்தி வீட்டுத் தேத்தண்ணி ஆறிப்போகுது.