செல்விக்கு ஒரு மெசேஜ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ். முன் சீட்டில் ஷூ கம்பெனி அட்டை தொங்க இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னது காதில் விழுந்தது.

"வரமாட்டேன்னு சொல்லிட்டா அவளுக்குக் கோயிலே கட்டுவேன்க்கா."

"யாருக்குடி?"

"செல்விக்குத்தான். அமிர்தி அருவிக்குப் போலாமான்னு கேட்டா ‘பாக்கலாம்’ங்கிறா. அவள நம்பி ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்குப் பேர் குடுக்கல. மூணு வாரமா வேலையும் இல்ல, அமிர்தியும் இல்ல."

"அதையே எழுது. திட்டாத. எப்ப வரைக்கும் காத்திருப்பேன்னு சொல்லிடு."

சின்னவள் போனில் தட்டி அனுப்பிவிட்டு வாசித்தாள்: "செல்வி, நாளைக்கு சாப்பாட்டு பெல்லுக்குள்ள சூப்பர்வைசர் கிட்ட பேர் குடுக்கணும். அதுக்குள்ள வர்றியா, இல்லியான்னு சொல்லு. பதில் இல்லன்னா வேலைக்குப் போய்டுவேன். வரலன்னாலும் கோவமில்ல."

பள்ளிகொண்டா வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"இன்னாவாம்?"

"வரலியாம். வீட்ல விடமாட்டாங்களாம். இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் நான் கூப்பிடவே மாட்டேனோன்னு பயந்தாளாம்."

சின்னவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவமில்லன்னு மொத வாரமே எழுதியிருக்கலாம்க்கா."