பிந்திய அடி

காபியில் நான் சர்க்கரை சேர்ப்பதில்லை. குன்வோருக்கு அது தெரியும்; முப்பது கோடைகளாக எங்கள் இசைக்குழுவின் வாசிப்புக்கு ஆட வருகிறவள். அன்று மறந்துபோய் இரண்டு கரண்டி போட்டுவிட்டாள். அவள் கணவன் சிக்ஸ்டனை அடக்கம் செய்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்த தபாலை எடுக்கச் சிக்ஸ்டன் சாலையோரப் பெட்டிக்குப் போயிருக்கிறான். வேலிக்கு உள்ளே ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த குன்வோர், மோதிய காரைப் பார்க்கவில்லை. நிற்காமல் போன அதிலிருந்து ஓர் அதிர்வு மட்டும் கேட்டதாம்.

"பாட்டெல்லாம் கேக்கல பொர்யே, வெறும் தும் தும்தான். நீ பாஸ் கிட்டார்காரன். உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றாள்.

நியாயம்தான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் குரல் அடங்கிவிடும். பாஸ் கிட்டாரின் தணிந்த சுரம் தகரத்தையே ஆட்டிக்கொண்டு வெளியே வரும். ஆனால் என்ன சுரம் என்பது காதில் தங்காது, அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் தங்கும். அதனால் பாடச் சொல்லாமல் மேசையில் தட்டச் சொன்னேன்.

தும், தும், தும்தும். மூன்று சுற்று ஒரே மாதிரி. நாலாவதில் கடைசி அடி அரைத் தட்டு பிந்தி விழுந்தது.

இந்தத் தாள அச்சில் நூறு பாட்டாவது இருக்கும். அடிசுரம், அதன் ஐந்தாம் சுரம், மறுபடி அடிசுரம். எங்கள் பக்கத்து நடனப் பாட்டில் பாதி இதுதான். வேகமும் இப்படி ஒரு சின்னப் பிசகும்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.

பட்டறையில் வேலை செய்யும் மெல்கர் கோடை முழுக்க ஒரே பாட்டைக் காரில் அலறவிட்டான். அதே வேகம், அதே அச்சு. அதில் நாலாவது சுற்றும் நேராகவே முடியும்.

"கடைசி அடி பிந்தாது குன்வோர். அதிர்ச்சில உனக்கு அப்படித் தோணுது."

"இல்லப்பா, அது கொஞ்சம் நொண்டிச்சுது."

"சரி, என்னோட சேர்ந்து தட்டு."

பத்தாவது தடவை நொண்டவில்லை. பிறகு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "இதேதான்" என்று அழுதாள். அது யார் காரில் ஓடுகிற பாட்டு என்று போலீசுக்குச் சொல்ல ஊரே இருந்தது. நீதிமன்றத்திலும் நேராகவே தட்டினாள். மெல்கர் அன்று குடித்துவிட்டு அந்த வழியாகத்தான் போயிருக்கிறான். தான் மோதவில்லை என்று அவனாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டு கொடுத்தார்கள்.

உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். உறுத்துகிறது. ஆனாலும் நான் மெல்கரின் பெயரைச் சொல்லவே இல்லை, ஒரு பாட்டின் பெயரைத்தான் சொன்னேன்.

பிந்துகிற அடி, எங்கள் குழு இன்னும் வெளியிடாத பாட்டில் இருக்கிறது. பிந்த வைத்தவன் நான். இருந்த ஒரே பதிவு என் காரில் ஓடியது. அந்த அடி சரியாக விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே வளைவில் திரும்பினேன், சிக்ஸ்டனைப் பார்க்கவில்லை. முன்பக்க நசுங்கலுக்கு எல்க் மான் மோதியதாகச் சொன்னேன். எங்கள் ஊரில் அதை யாரும் இரண்டாம் தடவை விசாரிப்பதில்லை.

நாற்பது வருடமாக வாசிக்கிறேன். ஒரே தடவை கேட்டு அவ்வளவு துல்லியமாகத் தட்டியவர்கள் வேறு யாருமில்லை. அதை மட்டும் அவளிடம் பாராட்டிச் சொல்லியிருக்கலாம்.